தையலோரத்துச் சொற்கள்

ஏரிக்கு நெய் ஊற்றினார்கள், ஆடுகளை விட்டுத் தூர் வாரினார்கள் என்று என் கைப்பேசி எனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கீழ்பென்னாத்தூரிலிருந்து திரும்பும் பேருந்தில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கை அம்மா, “என்னா கண்ணு, தனியா சிரிக்கிற?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஆனாலும் பழக்கம் போகவில்லை.

கல்லூரிக் காலத்திலேயே என் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்தது. விழித்திரை நோய். கல்யாணமான கொஞ்ச நாளில் மிச்சமிருந்ததும் போய்விட்டது. தொலைநிலைக் கல்வியில் வரலாறு எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எல்லாத் தாளும் தேறி, ஒரே ஒரு தாள் மட்டும் பாக்கி. அதை ஒருமுறை எழுதித் தோற்றிருந்தேன். கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. எம்.ஏ. முடித்துவிட்டால் பிளஸ் டூ வகுப்புகளைத் தந்து வேலையை நிரந்தரமாக்குவதாகவும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் தலைமையாசிரியை சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அந்தத் தாளுக்கு ஆதாரம் ஒரே ஒரு புத்தகம். தமிழகச் சமூக வரலாற்றைப் பற்றியது. செங்கல் கனம், இறுக்கமான தையல் பைண்டிங். இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியை தன்னுடைய பிரதியைக் கொடுத்தார். “எவ்ளோ நாள் வேணும்னாலும் வெச்சிக்கமா. முதுக மட்டும் உடைச்சிடாத. இது எங்க அப்பா எனக்கு வாங்கிக் குடுத்தது” என்றார். புத்தகத்தை அழுத்தி மலர்த்தக் கூடாது, பக்கங்களைப் பிரிக்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். அப்படியே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்து வாசிக்கிற செயலியிடம் கொடுத்தால், அது எனக்குப் படித்துக்காட்டும். படம் எடுக்க ஆள் வெளியே தேட வேண்டியதில்லை. என் கணவரே போட்டோகிராபர்.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் அவருடைய ஸ்டுடியோ. மனு கொடுக்க வருகிறவர்களுக்குப் பாஸ்போர்ட் சைஸ் படம், ஜெராக்ஸ், லேமினேஷன். முகூர்த்த நாட்களில் கல்யாண வேலை. மனுஷருக்குத் தன் படங்கள் மேல் அப்படி ஒரு கர்வம். என் புத்தகத்தையும் தன் கைப்பேசியில் மணப்பெண்ணை எடுப்பதுபோல எடுத்துத் தள்ளினார். இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில், மேலிருந்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கு வைத்து. காகிதம் தையலை நோக்கி வளைந்து இறங்குவது அவ்வளவு அழகாக விழுந்ததாம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறார்.

அந்த அழகான படங்களைத்தான் நான் பேருந்தில் கேட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வராமல் நேரே ஸ்டுடியோவில் இறங்கினேன்.

“என்னாத்த எடுத்தீங்க? ஏரில நெய்ய ஊத்துறாங்க இங்க.”

“போட்டோ பளிச்சுனு இருக்கு. உன் மெஷினுக்குத் தமிழ் தெரியல, அதுக்கு நான் என்னா பண்றது?”

“எழுத்து தெரியலைனா அது எப்படிப் படிக்கும்?”

“எனக்குத் தெரியுதே. இதோ படிக்கிறேன், கேளு” என்றவர், அந்தப் படத்தைப் பார்த்தே தடங்கலில்லாமல் படித்தார். கோயில் விளக்குக்கு நெய் வேண்டி ஆடுகள் கொடையாக விடப்பட்டன. ஏரியைத் தூர் வார ஊர்ச் சபையின் ஏரி வாரியம் ஏற்பாடு செய்தது. எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற ஒன்றை வைத்து என்னிடம் வாதம் செய்கிறார், என்னால் எட்டிப் பார்த்து மறுக்க முடியவில்லை. “படிப்பீங்க, படிப்பீங்க. உங்களுக்குக் கண்ணு இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் கோபம் தணியவில்லை. ஆனால் எனக்கு ஒரு குணம், கோபம் இருந்தாலும் காது சும்மா இருக்காது. உளறலையே மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. இடப்பக்கங்களில் வரிகள் நன்றாகத் தொடங்கி முடிவில் குழம்பின. வலப்பக்கங்களில் தொடக்கம் குழம்பி முடிவு தெளிந்தது. அதாவது கெட்டுப்போவதெல்லாம் தையல் ஓரத்தில். பக்கத்தின் நடுவில் இருந்த வரிகளில் ஓரிரு சொல்தான் சிதைந்தது. மேலேயும் கீழேயும் இருந்த வரிகளில் ஒன்றின் வால் இன்னொன்றின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை காபியோடு சேர்த்து இதை அவரிடம் சொன்னேன். உடனே கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை எடுக்கும் சத்தம் கேட்டது.

“அட ஆமா” என்றார். “ஸ்கேல மேல் வரில வெச்சா, தையல்கிட்ட போவச்சொல்லோ அடுத்த வரில இருக்கு. வரி கீழ எறங்குது. அடில இருக்கிற வரிலாம் மேல ஏறுது.”

“உங்க கண்ணு வரி வளைஞ்சா கூடவே வளைஞ்சு போவுது. என் மெஷின் நேரா போய் அடுத்த வரியப் புடிச்சிடுது.”

“நேத்து நான் படிச்சிக் காட்டினேனே” என்று இழுத்தார். காபி ஆறிப்போனதாகச் சொல்லி என் தம்ளரையும் வாங்கிக்கொண்டு போய் சூடு பண்ணிக் கொடுத்தார். மன்னிப்பு கேட்பதில் அவருடைய முறை அது.

ஆள் மாறிவிட்டார் அதற்குப் பிறகு. கல்யாண குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கிற அத்தைகள், குண்டாகத் தெரிவதாக அவரிடம் சண்டைக்கு வருவது வழக்கம். கிட்ட நின்று அகலமாக எடுத்தால் ஓரத்தில் இருப்பவர்கள் இழுபடுவார்கள், தள்ளி நின்று ஜூம் பண்ணினால் அடங்கிவிடுவார்கள் என்பது அவர் தினமும் செய்கிற காரியம். புத்தகத்தையும் அப்படியே செய்தார். கைப்பேசியை வைத்துவிட்டுத் தன் பெரிய கேமராவை ஸ்டாண்டில் உயரமாகக் கட்டி எடுத்தார். வரிகளின் வளைவு குறைந்தது. ஆனால் தையலோரச் சொற்கள் சப்பிப்போய்த்தான் இருந்தன. காகிதம் அங்கே கேமராவை விட்டுச் சரிந்து போகிறது, சரிவில் இருக்கிற எழுத்து எவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தாலும் ஒடுங்கித்தான் தெரியும். செயலியில் வளைவை நேராக்கும் வசதி இருந்தது. அதைத் தட்டினால் வரி நேராகும், ஒடுங்கிய எழுத்து ரப்பர் மாதிரி நீண்டு மங்கிப்போகும். புள்ளிகள் காணாமல் போகும், சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். “போட்டோல விழாதத எங்கேர்ந்து இழுக்கிறது?” என்று அவரே சொன்னார்.

“ஆல்பம் டிசைன் பண்ணச்சொல்லோ நடு மடிப்புல பொண்ணு மூஞ்சி வராமப் பாத்துப்போம்” என்று ஒருநாள் புலம்பினார். “இந்தப் புக்கு போட்டவனுக்கு அந்த அறிவு இல்ல பாரு. தையல் வரைக்கும் எழுத்த நெருக்கிட்டு வந்திருக்கான்.”

முழுதாக மலர்த்தாமல் பக்கத்தைத் தட்டையாக்க வேண்டும், அதுதான் கணக்கு. கடைசியில் நாங்கள் செய்தது இது. புத்தகத்தின் ஒரு பாதியை மேஜையில் படுக்க வைத்தோம். மறு பாதியைக் கல்யாண ஆல்பம் பெட்டிகளை அடுக்கி, சுவரில் சாய்ந்து உட்காரும் ஆள்போல நிமிர்த்திச் சாய்த்தோம். முதுகுக்கு ஒரு வலியும் இல்லை. படுத்திருக்கிற பக்கத்தின் மேல் ஒரு கண்ணாடி. அதற்காக எங்கள் பூஜை அலமாரியில் இருந்த முருகர் படத்தின் சட்டத்தைக் கழற்றினார். முருகர் சில நாள் கண்ணாடி இல்லாமல் காற்று வாங்கினார். கண்ணாடி விளிம்பு கையைக் கிழிக்கும் என்று முதலில் டேப் ஒட்டினார், அந்த டேப்பே தையலோரச் சொற்களை மறைத்தது. பிறகு கண்ணாடிக் கடையில் கொடுத்து விளிம்பைத் தேய்த்து மழுக்கிக்கொண்டு வந்தார். மேலே எரிந்த டியூப் லைட் கண்ணாடியில் விழுந்து பாதிப் பக்கத்தை விழுங்கியது, அதை அணைத்தோம். பக்கத்தின் வெளி ஓரத்திலிருந்து தாழ்வாக ஒரு விளக்கு, வெளிச்சம் தையலுக்குள் நுழைகிற மாதிரி. கேமரா புத்தகத்துக்கு நேராக இல்லை, அந்த ஒரு பக்கத்துக்கு நேராக.

கண்ணாடியை அழுத்தும் வேலை என்னுடையது. அவர் கேட்டுக்கொண்டதால் இல்லை, நானே பிடுங்கிக்கொண்டேன். அவர் அழுத்தினால் நடுவில் அழுத்துவார். எனக்குக் காகிதம் எங்கே கண்ணாடியைத் தொடவில்லை என்பது விரலில் தெரிந்தது. தையலுக்கு ஒரு விரல் அகலத்துக்கு முன்பு காகிதம் மெல்ல நழுவி இறங்கும். அந்த இடத்தில் விளிம்பை உள்ளே தள்ளி இரண்டு கட்டைவிரலால் அமுக்கினால், காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். “இப்ப எடுங்க” என்பேன். கிளிக். பக்கத்தைப் புரட்டுவேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் கை புத்தகத்தில் வேலை செய்தது. அதன் வாசனை விரலில் ஏறியது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்கவும் இல்லை.

முதலில் வலப்பக்கங்களை மட்டும் எடுத்து முடித்து, புத்தகத்தைத் திருப்பி இடப்பக்கங்களை எடுத்தோம். உற்சாகத்தில் அவர் அதை எடுத்த வரிசையிலேயே எனக்கு அனுப்பிவிட்டார். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் கேட்டுக்கொண்டு, ஒரு மன்னர் இறந்த பிறகு படையெடுத்துப் போவதைக் கேட்டு பேருந்தில் மறுபடி சிரித்தேன். இந்த முறை அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து பக்க எண்படி மாற்றி அடுக்க வைத்தேன்.

ஏறக்குறைய எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் புத்தகத்தின் நடுப்பகுதியில் சில பக்கங்கள் வழிக்கு வரவேயில்லை. கனமான புத்தகத்தில் நடுவில்தான் பள்ளம் அதிகம். அங்கே அச்சும் தையலுக்குள் புகுந்திருந்தது, கண்ணாடியின் விளிம்பு எட்டவில்லை. இன்னும் அழுத்தினால் முதுகு விட்டுவிடும் என்று என் கைக்கே தெரிந்தது. ஏரி வாரியத்தை விரிவாகச் சொல்லும் பகுதி அந்தப் பக்கங்களில்தான் இருந்தது.

“அதெல்லாம் நான் படிச்சி ரெகார்ட் பண்ணிக் குடுக்கிறேன், வுடு” என்றார் அவர்.

படித்தார். ஸ்டுடியோவில் ஆள் இல்லாத நேரத்தில், பக்கத்தை லேசாக விரித்து எட்டிப் பார்த்துப் படித்தார். ஆண்டவனே, அந்தப் படிப்பு! கல்வெட்டுச் சொற்கள் வந்தால் எழுத்துக் கூட்டுவார். “குழிக்குத்... குழித்... இரு, இது என்னா வார்த்தை” என்பார். பின்னணியில் பஸ் ஹாரன். ஏரிக்கரையை ஆண்டுதோறும் பலப்படுத்தும் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, “வாங்க, உக்காருங்க. பாஸ்போர்ட் சைஸா? சட்டை காலர சரி பண்ணுங்க” என்பார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, விட்ட இடத்தை மறந்து இரண்டு வரி பின்னாலிருந்து தொடங்குவார். கைப்பேசியின் பெண் குரல் ஒரே சீராக வாசித்துக்கொண்டே வரும். திடீரென்று அவர் நுழைவார். அந்த இடம் வரும்போது எனக்கு மட்டும் பேருந்து கொஞ்சம் மெதுவாகப் போவதுபோல இருக்கும். அந்தப் பக்கங்களைத் தேவைக்கு ஜாஸ்தியாகவே கேட்டேன்.

தேர்வு நெருங்கிய சமயம், ஒரு கல்யாண வேலையை முடித்துவிட்டு வந்தவர் குதூகலமாக இருந்தார். வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பியே வைத்திருந்த ஒரு பெண்ணைப் படம் எடுத்தாராம். “அவ நம்ம பக்கம் திரும்ப மாட்டேன்றா. சரி, நானே அந்தப் பக்கம் போய் நின்னேன். அப்பத்தான் தோணுச்சு. தையல்கிட்ட காகிதம் எந்தப் பக்கம் பாக்குதோ அதுக்கு நேரா கேமராவச் சாய்ச்சா?” ஒரு பக்கத்துக்கு இரண்டு படம். தட்டையான பகுதிக்கு ஒன்று. சரிவில் இருக்கிற ஓரத் துண்டுக்குத் தனியாக, அந்தச் சரிவின் எதிரே கேமராவைச் சாய்த்து இன்னொன்று. இரண்டையும் கணினியில் அளவு பார்த்து ஒட்டினார். பிடிவாதப் பக்கங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன.

அடுத்த நாள் பேருந்தில் ஏரி வாரியப் பகுதியைப் போட்டேன். பெண் குரல் ஒரு தடுமாற்றம் இல்லாமல் படித்துக்கொண்டே போனது. காலர் இல்லை, ஹாரன் இல்லை, பெருமூச்சு இல்லை. அவர் இல்லை.

“என்னாங்க பண்ணீங்க?” என்றேன் வீட்டுக்குள் நுழையும்போதே.

“ஏன், தப்பு வருதா?”

“தப்பே வரல. உங்களது எங்க?”

“அது எதுக்கு இனிமே? அழிச்சிட்டேன். ஒரே உளறல் அது. நீ பரீட்சைக்குப் படிக்கிற, என் உளறலைக் கேட்டு எதையாவது மாத்தி எழுதிட்டு வந்தினா?”

அவர் பாடுபட்டு எனக்காகச் செய்த காரியம் அது. என்ன சொல்லித் திட்டுவது? “கேக்காம எதையும் அழிக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

தேர்வு மையம் திருவண்ணாமலையிலேயே ஒரு கல்லூரி. எனக்காக எழுத ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். கேள்வித்தாளை அவள் மெதுவாக வாசித்தாள். நீண்ட விடைக் கேள்விகளில் ஒன்று, ஊர்ச் சபைகளின் நீர் மேலாண்மை. ஏரி வாரியம். போன முறை இதே மாதிரி ஒரு கேள்வியில்தான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

கைப்பேசியின் சீரான குரலைத்தான் முதலில் தேடினேன். அது வரவில்லை. எவ்வளவு தெளிவாகக் கேட்டிருந்தேன், ஒரு சொல் வரவில்லை. பிறகு, “ஏரிக்கரைய... கரையை ஆண்டு... ஆண்டுதோறும்” என்று எழுத்துக் கூட்டிக்கொண்டு அவர் வந்தார். “வாங்க, உக்காருங்க” வந்தது. பெருமூச்சு வந்தது. இரண்டு வரி பின்னாலிருந்து தொடங்கி, வாரியத்தார் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், தூர் வாரிய மண்ணை எங்கே கொட்டினார்கள், கரை உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. அவர் தடுக்கி விழுந்த சொற்களெல்லாம் எனக்கு நிலையாக நின்றிருந்தன. நான் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதினாள். “அக்கா, கொஞ்சம் மெதுவா” என்றாள்.

வெளியே மரத்தடியில் அவர் நின்றிருந்தார். நான் பக்கத்தில் வருவதற்குள்ளேயே, “என்னா ஆச்சு?” என்றார்.

“ஏரி வாரியம் வந்துச்சு.”

“அப்பாடா. நல்ல வேளை, அந்தப் பக்கத்த சரி பண்ணிக் குடுத்தேன்.”

“அது ஞாபகமே வரல. நீங்க படிச்சதுதான் வந்துச்சு. அப்படியே, உங்க குரல்லயே.”

“காலர் சரி பண்ணச் சொன்னதுமா?” என்றார்.

“அதையும்தான். எழுதச் சொல்லலாம்னு பாத்தேன். பாவம், அந்தப் பொண்ணு பயந்துடும்.”

அவர் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் கையில் கோத்துக்கொண்டார். கண்ணாடியை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல்களில் லேசாகக் காய்த்திருந்த இடத்தை அவர் விரல் தடவிக்கொண்டே இருந்தது.

தேறிவிட்டேன். இப்போது பிளஸ் டூ வகுப்பெடுக்கிறேன். நானும் அவரும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, பேராசிரியை அதை வாங்கி முதுகைத் தடவிப் பார்த்தார். “தொறந்தே பாக்கலயா நீ?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் சிரித்தோம்.

பாடத்துக்கென்று இன்னும் புத்தகங்கள் எடுக்கிறோம். முருகருக்கு வேறு கண்ணாடி போட்டுவிட்டோம், பழையது எங்கள் வேலைக்கு. சாய்த்து எடுப்பதில் அவர் கை தேர்ந்துவிட்டார், ஒரு சொல்லும் தப்புவதில்லை. ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் எங்காவது நடுவில், பெண் குரல் வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நின்றுவிடும். “இந்தப் பக்கம் சரியா வரலமா, நானே படிக்கிறேன்” என்பார் அவர். அந்தப் பக்கம் நன்றாகவே வந்திருக்கும். கண்ணாடியை அழுத்தியது நான், எனக்குத் தெரியும்.